"பின்வரும் கூற்றுகளில் எவை சரியானவை?": ஒவ்வொரு கூற்றையும் தனியாகச் சோதித்து விடைக்கு வரும் முறை

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு இந்த வகைக் கேள்வி புதிதல்ல. மூன்று அல்லது நான்கு கூற்றுகள் இருக்கும். கீழே "1, 3 மட்டும்", "2, 3, 4 மட்டும்" என்று சேர்க்கைகள் வரும். பாடம் நன்றாகத் தெரிந்தவர்களும் இதில் மதிப்பெண்ணை விடுவார்கள். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: கூற்றுகளைத் தீர்மானிக்கும் முன்பே கண் சேர்க்கைகளுக்குப் போய்விடுகிறது. அப்புறம் மனம் கூற்றைச் சோதிப்பதில்லை, பிடித்த சேர்க்கைக்கு ஆதாரம் தேடத் தொடங்கிவிடுகிறது.

இந்த வழிகாட்டி பெரும்பாலும் ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டுதான் போகிறது. இந்திய அரசியலமைப்புப் பாடத்தில் மாதிரிக்காக நான் எழுதிய கேள்வி இது:

பண மசோதா தொடர்பான பின்வரும் கூற்றுகளில் எவை சரியானவை?

1. பண மசோதாவை மக்களவையில் மட்டுமே அறிமுகப்படுத்த முடியும்.
2. ஒரு மசோதா பண மசோதாவா இல்லையா என்ற கேள்வி எழுந்தால் குடியரசுத் தலைவரின் முடிவே இறுதியானது.
3. மாநிலங்களவை பண மசோதாவை 14 நாட்களுக்குள் தன் பரிந்துரைகளுடன் திருப்பி அனுப்ப வேண்டும்; அந்தப் பரிந்துரைகளை மக்களவை ஏற்றே ஆக வேண்டும்.
4. பண மசோதாவை அறிமுகப்படுத்தக் குடியரசுத் தலைவரின் பரிந்துரை தேவை.

(அ) 1, 3 மட்டும்
(ஆ) 1, 4 மட்டும்
(இ) 1, 3, 4 மட்டும்
(ஈ) 2, 3 மட்டும்

முதலில் கேள்வியின் கடைசிச் சொல்

"சரியானவை" என்று கேட்கிறார்களா, "தவறானவை" என்றா, அல்லது "சரியானவை அல்ல" என்றா? அந்தச் சொல்லின் கீழ் ஒரு கோடு போடுங்கள். வினாத்தாளில் எழுதத் தடை இல்லாத தேர்வுகளில் இதைவிட மலிவான பாதுகாப்பு வேறு கிடையாது.

மேலே (ஈ) விடையைப் பாருங்கள், "2, 3 மட்டும்". கேள்வி "தவறானவை எவை?" என்றிருந்தால் அதுதான் சரியான விடை. வினா எழுதுபவர்கள் இதைத் தெரிந்தேதான் வைப்பார்கள். நான்கு கூற்றையும் சரியாகக் கணித்துவிட்டு, கேள்வியை மாற்றிப் படித்த ஒருவருக்காகவே ஒரு விடை தயாராகக் காத்திருக்கும்.

இதில் ஒரு பழக்கம் கைகொடுக்கும். கேள்வி எப்படிக் கேட்டாலும், கூற்றின் பக்கத்தில் நீங்கள் போடும் குறி அந்தக் கூற்று உண்மையா பொய்யா என்பதை மட்டும் காட்டட்டும். "தவறானவை" என்று கேட்டிருக்கிறார்களே என்பதற்காகப் பொய்யான கூற்றுக்கு ✓ போடாதீர்கள். மூன்றாவது கூற்றுக்கு வரும்போது எந்தக் குறி எதைச் சொல்கிறது என்று மறந்துபோகும். திருப்பிப் பார்க்கும் வேலையைக் கடைசியில், சேர்க்கையைத் தேடும்போது ஒரே தடவை செய்தால் போதும்.

சேர்க்கைகளை மறைத்துவிட்டு, மூன்றே குறிகள்

பயிற்சியின்போது விடைகளின் மேல் ஒரு தாளை வையுங்கள். தேர்வறையில் கை போதும். ஒவ்வொரு கூற்றையும் தனி வினாவாக, "இது சரியா தவறா?" என்று மட்டும் கேட்பது போலப் படியுங்கள். பக்கத்தில் ✓, ✗, ? என்ற மூன்றில் ஒன்றைப் போடுங்கள். "பாதி சரி", "சரி மாதிரி இருக்கிறது" என்றெல்லாம் நாலாவது குறி வேண்டாம். அவை எல்லாமே கேள்விக்குறிதான்.

எப்போது எதைப் போடுவது என்பதில் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டும். ✗ போட வேண்டுமென்றால், அந்த இடத்தில் வர வேண்டிய சரியான தகவலை உங்களால் சொல்ல முடிய வேண்டும். "ஏதோ இடிக்கிறது" என்பது ✗ ஆகாது. ✓ போட வேண்டுமென்றால், கூற்றில் உள்ள ஒவ்வொரு துண்டும் எங்கே படித்தது என்று நினைவுக்கு வர வேண்டும். "எங்கேயோ கேட்ட ஞாபகம்" என்பது ✓ ஆகாது. பழக்கமான சொற்கள் வரிசையாக வந்தாலே வாக்கியம் உண்மை போலத் தோன்றும். கூற்றுக் கேள்விகளின் பாதி வித்தை அதில்தான் இருக்கிறது.

சரி, இப்போது மாதிரிக் கேள்விக்கு வருவோம்.

கூற்று 1. பண மசோதா மக்களவையில் மட்டுமே அறிமுகமாகும். அரசியலமைப்பின் 109-ஆவது பிரிவு இதை நேரடியாகவே சொல்கிறது, மாநிலங்களவையில் அறிமுகப்படுத்தக் கூடாது என்று. ✓.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "மட்டும்", "எல்லா", "ஒருபோதும்" போன்ற சொற்கள் வந்தால் கூற்று தவறு என்று ஒரு குறுக்குவழி உலவுகிறது. அதை நம்பினால் இந்த முதல் கூற்றிலேயே வழுக்கிவிடும். அத்தகைய சொல் ஒரு எச்சரிக்கை மட்டுமே. விதிவிலக்கு உண்டா என்று உங்களைக் கேட்க வைக்க வேண்டும், அவ்வளவுதான். சட்டத்தில் "மட்டுமே" என்பது பல இடங்களில் அப்படியே உண்மை.

மறுபக்கமும் உண்டு. "1949 நவம்பர் 26 அன்று ஏற்கப்பட்ட அரசியலமைப்பின் எல்லாப் பிரிவுகளும் 1950 ஜனவரி 26 அன்றுதான் நடைமுறைக்கு வந்தன" என்றொரு கூற்று வந்தால் பலரும் யோசிக்காமல் ✓ போடுவார்கள். இரண்டு தேதிகளும் சரியானவை, மனப்பாடமானவை. ஆனால் குடியுரிமை பற்றிய 5 முதல் 9 வரையிலான பிரிவுகளும், தேர்தல் ஆணையம் பற்றிய 324-ஆவது பிரிவும், வேறு சிலவும் ஏற்கப்பட்ட நாளிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டன. அந்த வாக்கியத்தில் சோதிக்க வேண்டியது தேதிகளை அல்ல, "எல்லா" என்ற சொல்லைத்தான்.

கூற்று 2. முடிவு சொல்பவர் குடியரசுத் தலைவர் என்கிறது. 110-ஆவது பிரிவின்படி அது மக்களவைத் தலைவர், அதாவது சபாநாயகர். சரியான தகவலைச் சொல்ல முடிகிறது, ஆகவே ✗.

இது ஆள்மாற்றம். வாக்கியம் முழுவதும் சரியாக இருக்கும், அதிகாரம் பெற்றவரை மட்டும் மாற்றி வைப்பார்கள். அதனால் அதிகாரம் பற்றிய எந்தக் கூற்றிலும் "யார்?" என்று முதலில் கேட்பது நல்லது.

அதிகம் படித்தவர்கள் மாட்டிக்கொள்ளும் இடமும் இதுதான். இதே கூற்று "மக்களவைத் தலைவரின் முடிவே இறுதியானது" என்று வந்திருந்தால்? சபாநாயகரின் சான்றை நீதிமன்றம் சில சூழல்களில் ஆராயலாம் என்று 2018 ஆதார் வழக்கின் பெரும்பான்மைத் தீர்ப்பு சொன்னதைப் படித்த ஒருவர், "அப்படியானால் இறுதியானது என்பது தவறுதானே" என்று ✗ போடக்கூடும். கூற்று பிரிவின் வாசகத்தைத்தான் கேட்கிறது. நீதிமன்ற மறுஆய்வு வேறொரு கூற்று. அதைக் கேட்க நினைத்தால் கேட்டிருப்பார்கள். கூற்றில் இல்லாத ஒன்றை நாமே கொண்டுவந்து சேர்த்து, அதைச் சோதிக்கக் கூடாது.

கூற்று 3. இதில் அரைப்புள்ளி இருக்கிறது. அரைப்புள்ளி, "மேலும்", "எனவே", "ஏனெனில்" இவற்றில் எதைக் கண்டாலும் அங்கே பென்சிலால் ஒரு வெட்டுக் கோடு போட்டு, இரண்டு கூற்றாகப் பாருங்கள். முதல் துண்டு: 14 நாட்களுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். சரி. இரண்டாம் துண்டு: பரிந்துரைகளை மக்களவை ஏற்றே ஆக வேண்டும். தவறு, ஏற்கலாம் அல்லது நிராகரிக்கலாம், அது மக்களவையின் விருப்பம். ஒரு துண்டு தவறானால் முழுக் கூற்றும் தவறு. ✗.

இதைத்தான் அதிகம் பேர் தவறவிடுவார்கள். "14 நாட்கள்" என்ற எண் பண மசோதாவோடு ஒட்டிப்போன எண். அதைக் கண்டதும் "ஆமாம், ஆமாம்" என்று ✓ விழுந்துவிடும். வால் பகுதியைக் கண் மேலோட்டமாகத்தான் தொடும். நீண்ட கூற்றில் பிழை எங்கே இருக்கும் என்று பந்தயம் கட்டச் சொன்னால் நான் பின்பாதியில்தான் கட்டுவேன். ஆகவே நீண்ட கூற்றுகளைப் பின்பாதியிலிருந்து சோதித்துப் பாருங்கள்.

வினைச்சொல்லின் முடிவையும் கவனியுங்கள். "ஏற்கலாம்" என்பதை "ஏற்க வேண்டும்" ஆக்கினால் போதும், சட்டமே மாறிவிடும். காரணம் சொல்லும் "ஏனெனில்" வாக்கியங்களில் இன்னொரு படியும் உண்டு. இரு துண்டும் தனித்தனியே உண்மையாக இருந்தாலும், இரண்டாவது முதலாவதன் காரணமாக இல்லாவிட்டால் கூற்று தவறுதான்.

கூற்று 4. பண மசோதாவை அறிமுகப்படுத்தக் குடியரசுத் தலைவரின் பரிந்துரை தேவை. 117-ஆவது பிரிவு. ✓. நினைவுக்கு வரவில்லை என்றால் தயங்காமல் ? போடுங்கள். அதற்கான வழி அடுத்து வருகிறது.

இப்போதுதான் சேர்க்கைகள்

கையை எடுங்கள். குறிகளைப் பார்த்து "1, 4" என்று மனதுக்குள் ஒருமுறை சொல்லிவிட்டு, அந்தச் சேர்க்கையைத் தேடுங்கள். (ஆ). முடிந்தது. "1, 3, 4" என்பதிலும் 1, 4 இருக்கிறதே என்று கண் அங்கே நின்றுவிடக்கூடும். ஆகவே சேர்க்கையில் என்ன இருக்கிறது என்பதோடு, என்ன இருக்கக் கூடாது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவது கூற்றுக்கு நீங்கள் ? போட்டிருந்தாலும் விடை கிடைக்கும். 2 தவறு என்பதால் (ஈ) போயிற்று. 3 தவறு என்பதால் (அ), (இ) போயின. மிச்சம் (ஆ) மட்டும். நீக்கல் முறையின் உண்மையான பயன் இதுதான்: உறுதியாகத் தெரிந்ததை வைத்துத் தெரியாததை நிரப்புவது. கவனித்தீர்களா, இங்கே வேலை செய்தவை இரண்டு ✗ குறிகள். முதல் கூற்றின் ✓ நமக்கு நீக்கித் தந்தது (ஈ)யை மட்டும்தான், அது எப்படியும் போகப்போகிற விடை. எல்லாச் சேர்க்கைகளிலும் திரும்பத் திரும்ப வரும் கூற்று தெரிந்திருந்து பெரிய லாபம் இல்லை. சில சேர்க்கைகளில் இருந்து, சிலவற்றில் இல்லாத கூற்றுதான் முடிச்சை அவிழ்க்கும். நேரம் குறைவாக இருந்தால் மறுபடி யோசிக்க வேண்டியது அதைத்தான்.

"மூன்று விடைகளில் 1 இருக்கிறது, அதனால் 1 சரி" என்று எண்ணிக்கையை வைத்துத் தீர்மானிப்பவர்களும் உண்டு. இந்தக் கேள்வியில் அது பலித்துவிடும். ஆனால் 3-உம் மூன்று விடைகளில் இருக்கிறதே! அதே தர்க்கத்தில் 3-உம் சரியாகி, (அ) அல்லது (இ)க்குப் போய் விழ வேண்டியதுதான்.

குறிகள் எந்தச் சேர்க்கையோடும் பொருந்தாவிட்டால்

ஒருவர் 4-க்கு உறுதியாக ✗ போட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் இருப்பது "1 மட்டும்". அப்படி ஒரு விடையே இல்லை. இது நல்ல செய்தி. நான்கு குறிகளில் ஒன்றாவது தவறு என்று கேள்வித்தாளே சொல்லிவிட்டது. விடைகளை முதலிலேயே பார்த்திருந்தால் இந்த எச்சரிக்கை கிடைத்திருக்காது, குறியைச் சத்தமில்லாமல் வளைத்திருப்பீர்கள்.

இப்போது எல்லாக் கூற்றையும் மறுபடி படிக்க வேண்டாம். எந்தக் குறிக்கு ஆதாரம் மிகவும் மெலிந்தது என்று கேளுங்கள். 2-க்கு "சபாநாயகர்" என்று பதில் இருந்தது. 3-க்கு "ஏற்பதும் மறுப்பதும் மக்களவையின் விருப்பம்" என்று பதில் இருந்தது. 4-க்கு? "பரிந்துரை தேவையில்லை" என்று எங்கும் படித்ததாக நினைவில்லை, சும்மா தோன்றியது. அப்படியானால் அது ✗ அல்ல, ?. குறியை மாற்றினால் (ஆ) தானாக வந்து நிற்கும்.

இதனால்தான், மூன்று கூற்றுகளிலேயே விடை கிடைத்துவிட்டாலும் நான்காவதை ஒரு பார்வை பார்த்துவிடுவது என் கட்சி. விடையைக் கண்டுபிடிக்க அது தேவையில்லை, முந்தைய குறிகளைச் சரிபார்க்கத் தேவை.

இரண்டு சேர்க்கைகள் மிஞ்சினால்

இங்கே தேர்வின் விதி முக்கியம். யு.பி.எஸ்.சி முதல்நிலைப் பொது அறிவுத் தாளில் ஒரு கேள்விக்கு 2 மதிப்பெண், தவறான விடைக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 0.66, கழியும். நான்கு விடைகளில் குருட்டாம்போக்கில் ஒன்றைத் தொட்டால் சராசரியில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. இரண்டை உறுதியாக நீக்கிவிட்டு மிச்ச இரண்டில் ஒன்றைத் தொட்டால், சராசரியில் ஒரு கேள்விக்குச் சுமார் 0.67 கிடைக்கும். தாராளமாகத் தொடலாம். ஆனால் இந்தக் கணக்கு "உறுதியாக" என்ற சொல்லின் மேல்தான் நிற்கிறது. உங்கள் ✗ ஒன்று பொய்யாக இருந்தால் சரியான விடையையே வெளியே தள்ளியிருப்பீர்கள், மிச்ச இரண்டும் தவறுதான். குறி போடுவதில் கறார் வேண்டும் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

டி.என்.பி.எஸ்.சி தேர்வுகளில் தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. ஐந்தாவதாக "விடை தெரியவில்லை" என்ற வட்டம் உண்டு, எந்த வட்டத்தையும் நிரப்பாமல் கேள்வியை விடக் கூடாது. ஒரு கூற்றையாவது உறுதியாகத் தீர்மானித்திருந்தால் அந்த ஐந்தாவது வட்டத்துக்குப் போகக் காரணமே இல்லை. இன்னொன்று: வினாக்கள் இரு மொழியிலும் அச்சாகும், ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி. கலைச்சொல் புரியாமல் ? போட வேண்டியிருந்தால், அந்த ஒரு சொல்லுக்காக மட்டும் ஆங்கில வரியை எட்டிப் பாருங்கள்.

"எத்தனை கூற்றுகள் சரி?" என்று கேட்டால்

2023 யு.பி.எஸ்.சி முதல்நிலைத் தேர்வில் இந்த வடிவம் நிறைய வந்தது. விடைகள் "ஒன்று மட்டும், இரண்டு மட்டும், மூன்றும், எதுவுமில்லை" என்று இருக்கும். எந்தக் கூற்று என்று சொல்வதில்லை என்பதால், ஒரு கூற்றை வைத்து மற்றொன்றை ஊகிக்க முடியாது. சேர்க்கையில் பொருந்தாமல் போய் எச்சரிக்கை கிடைக்கும் வசதியும் போய்விடுகிறது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. இதைப் பாருங்கள்:

1. சூரியக் குடும்பத்தில் மிக வெப்பமான கோள் புதன்.
2. வெள்ளி தன் அச்சில் கிழக்கிலிருந்து மேற்காகச் சுழல்கிறது.
3. புதனுக்கும் வெள்ளிக்கும் துணைக்கோள்கள் இல்லை.

முதலாவது தவறு. அடர்ந்த கார்பன் டை ஆக்சைடு வளிமண்டலத்தால் வெள்ளிதான் மிக வெப்பமானது. மற்ற இரண்டும் சரி. விடை, இரண்டு மட்டும். இப்போது ஒருவர் "சூரியனுக்கு அருகில் இருப்பது புதன், ஆகவே சரி" என்று 1-க்கு ✓ போட்டு, "கோள்கள் மேற்கிலிருந்து கிழக்காகத்தானே சுழலும்" என்று 2-க்கு ✗ போடுகிறார். எண்ணினால் அவருக்கும் இரண்டு! இரு பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு முழு மதிப்பெண் வாங்கித் தந்துவிட்டன. தேர்வில் இது அதிர்ஷ்டம். மாதிரித் தேர்வில் பெரிய நட்டம், ஏனென்றால் "சரியான விடை" என்று டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவீர்கள். அந்த இரண்டு தவறான தகவல்களும் மண்டையில் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

மாதிரித் தேர்வைத் திருத்தும் முறை

அதனால் மாதிரித் தேர்வுக்குப் பிறகு கேள்வியாக அல்ல, கூற்றாகத் திருத்துங்கள். விளக்கப் பக்கத்தைத் திறந்து, வினாத்தாளில் நீங்கள் போட்ட ஒவ்வொரு குறியையும் ஒத்துப் பாருங்கள். விடை சரியாக வந்த கேள்விகளையும் விடாதீர்கள். தவறான குறிகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் காரணத்தை ஒரு வார்த்தையில் குறியுங்கள்: ஆள்மாற்றம், எண், வால் பகுதி, "எல்லா" போன்ற சொல், வெறும் ஞாபகம்.

? போட்ட கூற்றுகள் வேறு கணக்கு. அவை தகவல் இல்லாத இடம், போய்ப் படித்தால் தீரும். தவறாக விழுந்த ✓ அப்படியல்ல. அதில் தகவல் இருக்கிறது, வாக்கியத்தை முழுதாகப் படிக்கவில்லை. நோட்டில் "வால் பகுதி" திரும்பத் திரும்ப வருகிறதென்றால் மறுபடி பாடத்தைப் புரட்டி நேரத்தைச் செலவழிக்காதீர்கள். அடுத்த மாதிரித் தேர்வில் அரைப்புள்ளி உள்ள கூற்றுகளுக்கெல்லாம் முதலில் வெட்டுக் கோடு போட்டுவிட்டு, பிறகு படிக்கத் தொடங்குங்கள்.